நாற்பதைத் தாண்டிய மணமக்களுக்கு வாழ்த்து மடல்: எழுதி அடித்துக் கொடுத்த அனுபவம்

கல்யாண வாழ்த்து மடல் அடிக்கக் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கையில் மேட்டர் இருக்காது. "நீங்களே நாலு வரி நல்லா போட்டுக் குடுத்துடுங்க" என்பார்கள். தஞ்சாவூரில் டிடிபி, ஃபிளெக்ஸ், பத்திரிகை வேலை என்று பல வருடமாக இதிலேயே இருப்பதால் எனக்கு அது பழகிய வேலை. மணமக்களுக்கு 25, 28 வயது என்றால் யாரும் பெரிதாக யோசிப்பதும் இல்லை. ஆனால் மணமக்கள் நாற்பதைத் தாண்டியவர்கள் என்றால் மட்டும் மேட்டரோடு வருவார்கள், அதுவும் முழு நீளத் தாளில் இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு. வழக்கமாக எழுதுவது போதாது, இந்தக் கல்யாணத்தைப் பற்றி ஏதாவது விசேஷமாகச் சொல்லியாக வேண்டும் என்று தோன்றிவிடும் போல. கோளாறு அங்கேதான் ஆரம்பிக்கிறது. அன்பாகத்தான் எழுதுகிறார்கள், அதில் சந்தேகமே இல்லை, ஆனால் எழுதி முடித்துப் பார்த்தால் அது கல்யாண வாழ்த்தாக இருக்காது, ஆறுதல் கடிதமாகவோ பாராட்டுப் பத்திரமாகவோ இருக்கும்.

ஒரு மடலை எடுத்துக்கொண்டு அது எப்படி மாறியது என்று சொல்கிறேன், அப்போதுதான் புரியும். தஞ்சாவூருக்கும் திருச்சிக்கும் தினமும் ரயிலில் வேலைக்குப் போய் வருகிற ஒரு கூட்டம். சீசன் டிக்கெட்காரர்கள். ஒரே பெட்டி, ஒரே இடம், பல வருடப் பழக்கம். அதில் இருவருக்குக் கல்யாணம். மணமகள் திருவெறும்பூர் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர், வயது 44. மாப்பிள்ளை பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை, வயது 48. இருவருக்குமே இது முதல் கல்யாணம். ரிசப்ஷனில் ரயில் நண்பர்கள் சார்பாக ஒரு மடலை மேடையில் வாசித்து, ஃபிரேம் போட்டுக் கொடுக்க வேண்டும், மண்டப வாசலுக்கு ஒரு ஃபிளெக்ஸும் வேண்டும் என்று நாலைந்து பேர் சேர்ந்து வந்தார்கள். பெட்டியிலேயே மூத்தவரான, அஞ்சல் துறையில் இருக்கிற சார் ஒருவர் மேட்டர் எழுதி வந்திருந்தார்.

அதில் இருந்த வரிகளை அப்படியே சொல்கிறேன். "காலம் கடந்தாலும் கனிந்த கல்யாணம்" என்று தலைப்பு. "குடும்பத்துக்காகத் தன் இளமையைத் தியாகம் செய்த தியாகச் சுடரே" என்று டீச்சருக்கு ஒரு பத்தி. "தனிமை என்னும் பாலைவனத்தில் இறுதியாகக் கிடைத்த நீரூற்று" என்று மாப்பிள்ளைக்கு ஒரு பத்தி. "முதுமையில் ஒருவருக்கொருவர் ஊன்றுகோலாய்" என்று முடிவு. நடுவில் "வயது என்பது வெறும் எண்ணே என்று உலகுக்கு உணர்த்திய முன்னுதாரணத் தம்பதியே" என்றும் ஒரு வரி.

எழுதியவர் மனசு தங்கம். டீச்சரின் அம்மா படுக்கையில் இருந்தபோது டீச்சர் பட்ட பாட்டைப் பக்கத்திலிருந்து பார்த்தவர், அந்த மதிப்பில்தான் எழுதியிருக்கிறார். ஆனாலும் நான் அவரிடம் ஒன்று கேட்டேன்: "சார், இதை உங்க பொண்ணு கல்யாணத்துல யாராவது மேடையில வாசிச்சா எப்படி இருக்கும்?" அவர் மகளுக்கு 26 வயது, வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சார் தாளை வாங்கி மறுபடியும் படித்தார். பாலைவனம், தியாகம், ஊன்றுகோல் என்று ஒவ்வொரு வரியிலும் பேனாவை வைத்து வைத்து எடுத்தார். "அவளுக்கு இதுல ஒண்ணுகூட பொருந்தாதே" என்றார்.

நான் வைத்திருக்கிற முதல் சோதனை அதுதான். ஒரு வரியை எழுதினால், அதையே இருபத்தாறு வயது மணமகளுக்கு எழுத முடியுமா என்று பார்க்க வேண்டும். முடியாது என்றால் அந்த வரி கல்யாணத்தைப் பற்றிப் பேசவில்லை, வயதைப் பற்றிப் பேசுகிறது. எல்லா வரியும் எல்லாருக்கும் பொருந்த வேண்டும் என்பதில்லை, இந்த இருவருக்கு மட்டுமே உரிய வரிகள் அவசியம் வேண்டும், அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். ஆனால் இருபத்தாறு வயதுக்காரிக்குப் பொருந்தாததற்கு ஒரே காரணம் வயதுதான் என்றால் அந்த வரியை எடுத்துவிட வேண்டும். தியாகச் சுடர் என்ற வார்த்தையையே பாருங்கள். கேட்க உயர்வாக இருக்கிறது. மேடையில் பட்டுப்புடவையும் மாலையுமாக நிற்கிற ஒருத்தியைப் பார்த்து, மைக்கில், "நீ இத்தனை நாள் எதை எல்லாம் இழந்தாய் தெரியுமா" என்று ஊருக்கே எண்ணிச் சொல்வதுதான் அதன் பொருள். அவள் அப்படி நினைத்திருக்கவே மாட்டாள். டீச்சருக்குப் பிடித்த வேலை இருந்தது, சம்பாத்தியம் இருந்தது, கூடப் பேச ஒரு பெட்டி நிறைய ஆட்கள் இருந்தார்கள். பாலைவனத்தில் இருந்தார் என்று யார் சொன்னது?

"முன்னுதாரணம்", "துணிச்சலான முடிவு", "சமூகத்தின் முகத்தில் அறைந்த தம்பதி" மாதிரி வரிகளும் அந்த ரகம்தான், கொஞ்சம் மாறுவேஷத்தில் வரும். பாராட்டாகத் தெரிவதால் இவற்றை எடுக்கச் சொன்னால் யாரும் எளிதில் ஒத்துக்கொள்வதில்லை. இருவருக்குப் பிடித்தது, கல்யாணம் செய்துகொண்டார்கள். அதில் துணிச்சல் என்ன இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள், பதிலாக "இந்த வயசுல..." என்றுதான் ஆரம்பிப்பார்கள். அந்த "இந்த வயசுல" மடலில் எழுதப்படாமலே சபையில் எல்லார் காதிலும் விழும்.

இன்னும் சின்னச் சின்னதாக நுழைகிறவை உண்டு, அவற்றைப் பிடிப்பதுதான் கஷ்டம். இறுதியில், ஒருவழியாக, இப்போதாவது, இனியாவது, கடைசியாக, காத்திருந்து காத்திருந்து. மேட்டரை டைப் அடிக்கும்போது இந்த வார்த்தைகள் எங்கே வந்தாலும் அடியில் கோடு போட்டுவிடுவேன். "இனியாவது மகிழ்ச்சியாக வாழ்க" என்று ஒருவர் தம் அத்தைக்கு எழுதிக்கொண்டு வந்தார். அந்த "ஆவது" என்ற மூன்று எழுத்தை எடுத்துவிட்டு "இனி மகிழ்ச்சியாக வாழ்க" என்று வைத்தாலும் குறை போகவில்லை, ஏனென்றால் இதுவரை மகிழ்ச்சி இல்லை என்பது அப்போதும் ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. "என்றும் மகிழ்ச்சியாக வாழ்க" என்று மாற்றின பிறகுதான் சரியாக உட்கார்ந்தது.

ரயில் கூட்டத்துக்கு வருகிறேன். சாரின் மேட்டரை எடுத்து வைத்தாயிற்று. உடனே கூட வந்திருந்த ஒரு தம்பி, ஐ.டி.ஐ. முடித்து அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்தவன், தன் பங்குக்கு இரண்டு யோசனை சொன்னான். இரண்டுமே நிறையப் பேருக்குத் தோன்றக்கூடியவை, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஒன்று, "வாழ்த்த வயதில்லை, வணங்குகிறோம்". ஃபிளெக்ஸ் அடிக்கிற எந்தக் கடையிலும் இந்த வரி தயாராக இருக்கும், கட்சித் தலைவர்கள் பிறந்தநாளில் ஊரெல்லாம் பார்க்கலாம். தன்னைவிட இருபது வயது மூத்தவர்கள் என்பதால் மரியாதைக்காகத்தான் கேட்டான். ஆனால் மாலையும் கழுத்துமாக நிற்கிற கல்யாண ஜோடியை வணங்குகிறோம் என்றால் அது அறுபதாம் கல்யாணத்து வரியாகிவிடும். நண்பனாக வருகிற இடத்தில் நண்பனாகவே வாழ்த்தலாம், இளையவன் மூத்தவர்களை வாழ்த்தக் கூடாது என்று எதுவும் இல்லை. "அண்ணே, டீச்சர், ரெண்டு பேரும் நல்லா இருங்க" என்று அவன் நேரில் சொல்வானா மாட்டானா? சொல்வான். அதையே எழுத்தில் வைத்தால் போதும் என்றேன். உறவில் சின்னவர்கள் எழுதுகிற மடல் என்றால், "எங்கள் அத்தைக்கும் மாமாவுக்கும் எங்கள் அன்பு" என்று உறவுமுறையை வைத்தாலே மரியாதையும் வந்துவிடும், பாசமும் வந்துவிடும்.

இரண்டாவது யோசனைக்குத்தான் கூட்டமே கைதட்டியது. "வண்டி லேட்டா வந்தாலும் கரெக்டான பிளாட்பாரத்துக்கு வந்து சேர்ந்தது." ரயில் நண்பர்கள், ரயிலில் அறிமுகமான ஜோடி, இதைவிட அழகாக எப்படிப் பொருத்துவது என்று கேட்டார்கள். உண்மையிலேயே நல்ல வரிதான், சிரிப்பு வரும். அதுதான் அதன் சிக்கலும். யார் சிரிப்பார்கள்? பெட்டிக்குள் அவர்கள் பத்துப் பேருக்குள் சொன்னால் டீச்சரே முதலில் சிரிப்பார், "உங்க வண்டி எப்பப்பா கிளம்பும்" என்று திருப்பியும் கொடுப்பார். மண்டபத்தில் முன்னூறு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். அதில் டீச்சரின் பெரியப்பா வீட்டுக்காரர்கள் இருப்பார்கள், ஒவ்வொரு தீபாவளிக்கும் "இன்னும் எதுவும் அமையலையா" என்று கேட்டவர்கள். மைக்கில் "லேட்டா வந்தாலும்" என்றதும் முதலில் சிரிக்கிற சத்தம் அந்தப் பக்கத்திலிருந்து வரும். டீச்சரால் மேடையில் நின்றுகொண்டு திருப்பிச் சொல்ல முடியாது, மாலையைச் சரிசெய்துகொண்டு சிரித்துத்தான் ஆக வேண்டும். தம்பியிடம் இதைச் சொன்னதும் அவனே வேண்டாம் என்றுவிட்டான். பழகியவர்களுக்குள் ஓடுகிற கிண்டலை மேடைக்கு எடுத்துப் போவதற்கு முன்னால், பதில் சொல்ல அவர்களுக்கு வாய்ப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் அதே வரியைப் போட்டால் தப்பே இல்லை, அங்கே அவர்களும் பதில் போடுவார்கள்.

இப்படி ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே போனால் என்ன மிஞ்சும்? "மணமக்கள் பல்லாண்டு வாழ்க" மட்டும் மிஞ்சும். பயந்து பயந்து எழுதினாலும் மடல் அங்கேதான் வந்து நிற்கும். தப்பு இல்லை, ஆனால் சந்தோஷம் எங்கே? சந்தோஷம் வர வேண்டுமென்றால் அந்த இரண்டு பேர் உள்ளே வர வேண்டும். அதற்கு நான் எப்போதும் ஒரே கேள்விதான் கேட்பேன்: "ரெண்டு பேரும் சேர்ந்து இருக்கும்போது என்ன பண்ணுவாங்க?" எப்படிப்பட்டவர்கள் என்று கேட்டால் நல்லவர், பண்பானவர், பொறுமைசாலி என்று வரும், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. என்ன செய்வார்கள் என்று கேட்டால்தான் கதை வரும்.

வந்தது. டீச்சர் காலையில் தஞ்சாவூரில் ஏறுவார். ஏறியதும் ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து இடத்தில் கைப்பையை வைத்துவிட்டு, திருத்த வேண்டிய நோட்டுகளை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். ஆலக்குடி தாண்டி வண்டி பூதலூர் வந்ததும் அந்த அண்ணன் ஏறுவார், கைப்பை டீச்சர் மடிக்குப் போகும், அண்ணன் அங்கே உட்காருவார். டீச்சர் திருவெறும்பூரில் இறங்க, அண்ணன் பொன்மலை வரை போவார். மாலையில் அது அப்படியே திரும்பும். பொன்மலையில் அண்ணன் முதலில் ஏறித் துண்டு போட்டு ஜன்னலோர இடம் பிடித்து வைப்பார், திருவெறும்பூரில் டீச்சர் ஏறியதும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நகர்ந்து கொடுப்பார். எவ்வளவு கூட்டமாக இருந்தாலும், தீபாவளி நேரமாக இருந்தாலும் பெட்டியில் யாரும் அந்த இடத்தைக் கேட்டதில்லையாம். இதைச் சொல்லும்போது எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அண்ணன் குடைக்கம்பி, பை ஜிப், டிபன் கேரியர் கொக்கி எது போனாலும் ஓடுகிற வண்டியிலேயே சரிசெய்து கொடுப்பார், டீச்சர் அந்தத் தம்பிக்கு ஐ.டி.ஐ. கணக்கு முழுக்க வண்டியிலேயே சொல்லிக் கொடுத்தார் என்று அடுத்தடுத்து வந்தது.

"சார், கல்யாணத்துக்கு அப்புறம் எப்படி, ரெண்டு பேரும் ஒரே ஸ்டேஷன்தானே?" என்றேன். ஆமாம், ஒரே வீடு, ஒரே ஸ்டேஷன், கைப்பைக்கும் துண்டுக்கும் வேலை இல்லை என்று தம்பிதான் சொன்னான். மடல் அங்கேயே முடிந்துவிட்டது. தாமதத்தைப் பற்றிப் பேசாமல், இனிமேல் ஆரம்பிக்கப் போவதைப் பற்றிப் பேசுகிற ரயில் வரி கிடைத்துவிட்டது.

ஆனால் அப்படியே அடித்துவிடவில்லை. மணமக்களின் அந்தரங்கத்தைத் தொடுகிற எதையும் அச்சுக்கு அனுப்பும் முன் வீட்டு ஆள் ஒருவர் பார்க்க வேண்டும். மணமக்களிடமே காட்டினால் மேடையில் கேட்கிற சந்தோஷம் போய்விடும், அதனால் டீச்சரின் தங்கைக்கு மேட்டரைப் போனில் வாசிக்கச் சொன்னேன். தங்கை இரண்டு விஷயம் சொன்னார். இடம் பிடித்த கதை இருக்கட்டும், ஆனால் "ரயில் காதல்" என்ற வார்த்தை மட்டும் வேண்டாம், பெரியவர்கள் மூலமாகப் பேசி முடித்த கல்யாணம் என்றுதான் அண்ணன் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறார். அடுத்தது, குடித்தனம் தஞ்சாவூரில்தான், ஆனால் ஊர்ப் பெயர் போட வேண்டாம், மாப்பிள்ளை பெண் ஊருக்குப் போகிறார் என்று பூதலூர்க்காரர்கள் ஏதாவது சொல்வார்கள். அதனால் மடலில் "ஒரே ஸ்டேஷன்" என்று மட்டும் நின்றது. இந்த இரண்டுமே வெளியாளுக்குத் தெரிய வாய்ப்பே இல்லாதவை. இந்த வயதில் கல்யாணம் செய்கிறவர்கள் பெரும்பாலும் எதை யாரிடம் எப்படிச் சொல்ல வேண்டும் என்று தாங்களே யோசித்து முடிவு செய்திருப்பார்கள். அதை நம் மடல் கலைத்துவிடக் கூடாது.

கடைசியில் அடித்த மேட்டர் இது, பெயர்களை மட்டும் எடுத்துவிட்டேன்.

காலையில் எங்கள் டீச்சர்
கைப்பையை வைத்து ஓர் இடம் பிடிப்பார்,
பூதலூரில் எங்கள் அண்ணன் வந்து அமர்வார்.
மாலையில் எங்கள் அண்ணன்
துண்டைப் போட்டு ஓர் இடம் பிடிப்பார்,
திருவெறும்பூரில் எங்கள் டீச்சர் வந்து அமர்வார்.
அந்த இடத்தை நாங்கள் யாரும் கேட்டதே இல்லை,
கேட்டாலும் கிடைத்திருக்காது!
உடைந்த குடை எதுவானாலும் ஒட்டவைப்பவர் அண்ணன்,
வராத கணக்கு எதுவானாலும் வரவைப்பவர் டீச்சர்.
இன்று முதல் இருவரும் ஏறுவது ஒரே ஸ்டேஷனில்!
கைப்பைக்கும் ஓய்வு, துண்டுக்கும் ஓய்வு.
ஜன்னலோரம் யாருக்கு என்பதை மட்டும்
வீட்டிலேயே பேசி முடித்துக்கொண்டு வாருங்கள்.
விடுப்பு முடிந்து வரும் நாளில்
பெட்டிக்கே லட்டு வேண்டும், ஒரு தூக்கு போதாது.
அன்பும் சிரிப்பும் குறையாமல்
பல்லாண்டு வாழ்க! இணைபிரியாமல் வாழ்க!
மகிழ்ச்சியில் திளைக்கும் உங்கள் ரயில் நண்பர்கள்.

இதில் வயது இல்லை, காத்திருப்பு இல்லை, தியாகம் இல்லை. இதை இருபத்தாறு வயது ஜோடிக்கும் வாசிக்கலாம், ஆனால் இந்த இருவரைத் தவிர வேறு யாருக்கும் வாசிக்க முடியாது. நிதானமாக வாசித்தால் ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும். மேடை மடலுக்கு அதுவே சரி, ஒன்றரை நிமிடத்தைத் தாண்டினால் அடுத்து மொய்க் கவரோடு வரிசையில் நிற்கிறவர்கள் நெளிய ஆரம்பிப்பார்கள். ஜன்னலோரம் வரியில்தான் சபை சிரித்தது என்று அஞ்சல் துறை சார் வந்து சொன்னார், டீச்சர் மைக்கை வாங்கி "எனக்குத்தான்" என்றாராம்.

"பதினாறும் பெற்று" பற்றி எல்லாரும் கேட்பார்கள். பதினாறு என்பது பதினாறு செல்வங்கள், பிள்ளைகள் அல்ல என்று விளக்குவார்கள். சரிதான், ஆனால் மண்டபத்தில் கேட்கிறவர்கள் காதில் பிள்ளைப்பேறாகத்தான் விழும். 44 வயது மணமகளைப் பார்த்து அதைச் சொல்லும்போது கூட்டத்தில் யாராவது ஒருவர் பக்கத்தில் இருப்பவரைப் பார்ப்பார், அது போதும். இளம் ஜோடிக்கே இப்போது இதைத் தவிர்க்கச் சொல்கிறேன். பிள்ளை பற்றி ஆசி சொல்வதும் வேண்டாம், அதைவிட மோசமாக "ஒருவருக்கொருவர் குழந்தையாய்" என்று ஈடு கட்டுவதும் வேண்டாம். வாழ்த்தில் அந்தப் பேச்சே வராமல் இருப்பதுதான் சரி. எதையாவது இலக்கியமாகப் போட்டே ஆக வேண்டும் என்றால் பத்திரிகைகளில் வழக்கமாகப் போடுகிற 45ஆவது குறள் இருக்கிறது, அன்பையும் அறத்தையும் பற்றியது, எந்த வயதுக்கும் உறுத்தாது.

அப்புறம் கடை வேலை. மேட்டர் நன்றாக அமைந்தும் டிசைனில் கெட்டுப்போகிறதைப் பார்த்திருக்கிறேன். மணமக்கள் படத்தைப் பார்த்ததும் ஆபரேட்டர் பையன்கள் தன்னால் அறுபதாம் கல்யாண ஃபோல்டரைத் திறந்துவிடுவார்கள், காப்பிப் பொடி நிறப் பின்னணி, தங்க பார்டர், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. எழுத்தில் வராத வயது அங்கே வந்து உட்கார்ந்துவிடும். மற்ற கல்யாணத்துக்கு என்ன போடுகிறீர்களோ அதையே போடச் சொல்லுங்கள், மஞ்சளும் ரோஸும் பூவுமாக இருக்கட்டும். அதே மாதிரி படம். முகத்தை வழவழவென்று தேய்த்து, நரையைக் கறுப்பாக்கி, நிறத்தை ஏற்றி ஒரு படம் போடுவார்கள், நல்லது செய்வதாக நினைத்து. இவர்கள் முகம் சரியில்லை என்று சொல்லாமல் சொல்வதுதான் அது. வெளிச்சம் மட்டும் சரிசெய்தால் போதும், முகத்தைத் தொட வேண்டாம் என்று புரூஃப் பார்க்கும்போதே சொல்லிவிடுங்கள். பழைய கல்லூரிப் படத்தைத் தேடி எடுத்துப் போடுவதும் வேண்டாம். மடலுக்கு ஏ3 அளவில் கெட்டி ஆர்ட் போர்டு, மேலே மேட் லேமினேஷன். பளபளப்பான லேமினேஷன் போட்டால் மேடையில் போட்டோ எடுக்கும்போது ஃபிளாஷ் அடித்து எழுத்தே தெரியாது.

பெயருக்கு முன்னால் என்ன போடுவது என்பதில் தயங்குவார்கள். திருவளர்ச்செல்வி என்றால் வயதுக்குப் பொருந்துமா, வெறும் செல்வி என்றால் வருத்தப்படுவார்களா, திருமதி இப்போதே போடலாமா என்று. அவர்கள் கல்யாணப் பத்திரிகையை வாங்கிப் பார்த்து, அதில் எப்படி இருக்கிறதோ எழுத்து மாறாமல் அப்படியே போடுங்கள். அவர்கள் திருநிறைச்செல்வி என்று போட்டிருந்தால் அதுவே, பெயரும் படிப்பும் மட்டும் இருந்தால் அதுவே. பெற்றோர் காலமாகியிருந்தாலும் இதே கணக்கு, பத்திரிகையில் அவர்கள் ஆசி என்று போட்டிருந்தால் மட்டும் நாமும் சேர்க்கலாம், நாமாக "மேலிருந்து வாழ்த்தும்" என்று எழுதி மேடையில் மணமகளை அழவைக்கக் கூடாது.

மறுமணம் என்றால் ஒரே ஒரு கூடுதல் கவனம்தான். "அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைத்துவிட்டது" என்கிற மாதிரி வரி மட்டும் வேண்டவே வேண்டாம். மகனோ மகளோ ரொம்ப நிம்மதியில் எழுதுவார்கள், ஆனால் வருகிற பெண்ணை அது கல்யாணத்தன்றே வேலைக்கு வைத்துவிடுகிறது. அப்படி ஒரு மகள் எழுதிக்கொண்டு வந்ததை, "அப்பா பாட்டுப் பாடுகிறார் என்று சமையலறையிலிருந்து போன் செய்து சொன்னவர்கள் நீங்கள், எங்களுக்கே தெரியாத பாட்டு அது" என்று அவள் சொன்ன விஷயத்தையே வைத்து மாற்றினோம். முன்பு இருந்த கணவரையோ மனைவியையோ மடலில் குறிப்பிடலாமா என்பதை அந்தப் பிள்ளைகளும் மணமக்களும்தான் சொல்ல வேண்டும், நண்பர்கள் தொட வேண்டாம்.

மடல் எல்லாம் இல்லை, வாட்ஸ்அப்பில் ஒரு வாழ்த்து அனுப்பினால் போதும் என்கிறவர்களுக்கு: செய்தி வந்ததும் "அப்படியா! யாரு? எப்போ?" என்று ஆச்சரியம் காட்டுகிற பதிலை அடிக்காதீர்கள், "ரொம்ப சந்தோஷம்டீ, தேதியைச் சொல்லு, லீவு போடணும்" என்று அனுப்புங்கள். பெரியவர்கள் என்றால் "கேட்டதும் மனசு நிறைஞ்சுபோச்சு, முதல் நாளே வந்துடறேன், என்ன வேலை இருக்கோ சொல்லுங்க" என்று அனுப்பலாம். மொய்க் கவரில் எழுத இடம் கொஞ்சம்தான், பெயர்களை எழுதி "சேர்ந்து இருங்கள், சிரித்து இருங்கள், ஒரு நாள் சாப்பாட்டுக்கு நம் வீட்டுக்கு வாருங்கள்" என்று போட்டு, கீழே உங்கள் பெயரையும் ஊரையும் தெளிவாக எழுதுங்கள், மொய் நோட்டு எழுதுகிறவருக்கும் அது உதவும்.